பொட்டலத்தில் 252 கிராம், திரையில் 233

பினாங்கு ஜோர்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு மளிகைக் கடையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். பில் போடும் கணினியும் நான்கு லேபிள் தராசுகளும் என் பொறுப்பில் இருந்தன. பருப்பு, முந்திரி, ஏலக்காய், காய்ந்த மிளகாய், நெத்திலிக் கருவாடு என்று மூட்டையிலும் பெட்டியிலும் வந்து இறங்கும் சரக்கை எடைபோட்டுப் பொட்டலமாக்கி அலமாரியில் அடுக்குவது பின்கட்டில் நடக்கும். பொட்டலத்தின் மேல் தராசு அச்சடித்த லேபிள் ஒட்டப்படும். கவுண்டரில் இருப்பவர் அதை ஸ்கேனரில் காட்டினால் விலை தானாகத் திரையில் வந்துவிடும். அந்த லேபிளில் என்ன இருக்கிறது, அதைவிட முக்கியமாக என்ன இல்லை என்பது ஒரு தீபாவளிச் சமயத்தில்தான் எனக்கு உறைத்தது.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய இருப்புக் கணக்கெடுப்பில் முந்திரி 3.4 கிலோ குறைந்தது. கணினியில் இருப்பதாகச் சொன்ன முந்திரி கிடங்கில் இல்லை. பருப்பில் மூன்று கிலோ குறைந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூட்டை கிழிந்தது, எலி கடித்தது என்று கணக்கை முடித்துவிடலாம். முந்திரி அப்படியல்ல. கிலோ 48 வெள்ளிக்கு விற்றுவந்து 52 வெள்ளிக்கு ஏறியிருந்த சரக்கு அது. கல்லாப் பணம் ஒவ்வொரு நாளும் சென் பிசகாமல் சரியாக இருந்ததால், முதலாளியின் பார்வை கவுண்டரை விட்டுப் பின்கட்டுக்குப் போனது. பேக்கிங் மேசையில் ஒன்பது ஆண்டுகளாக இருந்த அக்காவை அவர் நேரடியாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் முந்திரிப் பெட்டியைத் தாமே வந்து திறக்கத் தொடங்கினார். அதற்கு என்ன பொருள் என்று அக்காவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நான் முதலில் சந்தேகப்பட்டது சில்லறையைத் திருத்தும் முறையை. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும்போது பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குத் திருத்திக்கொள்கிறோம். அது மொத்தத்துக்கு மட்டுமே உரியது. ஆனால் எனக்கு முன்பிருந்தவர் யாரோ அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் விலையையும் 5 சென்னுக்குத் திருத்தும்படி தராசுகளையே அமைத்து வைத்திருந்தார். தவறு கையில் சிக்கிவிட்டது என்று நினைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த முறையில் ஒரு பொட்டலத்துக்கு அதிகபட்சம் இரண்டரை சென் வித்தியாசம் வரலாம். கிலோ 48 வெள்ளி என்னும்போது அது அரை கிராமுக்குச் சற்றே அதிகம். அப்போது விற்றுப்போன 177 பொட்டலங்களிலும் பிழை ஒரே பக்கமாக விழுந்திருந்தால்கூட மொத்தம் நூறு கிராமைத் தொடாது. உண்மையில் சிலவற்றில் ஏறியும் சிலவற்றில் இறங்கியும் பெரும்பகுதி சமனாகிவிடும். தராசின் அமைப்பை மாற்றினேன், அது செய்யவேண்டிய வேலைதான். ஆனால் காணாமல்போன முந்திரிக்கு அது விடையில்லை.

விடை கிடைத்தது கவுண்டரில், வேறு வேலையாக நின்றுகொண்டிருந்தபோது. வாடிக்கையாளர் ஒருவர் முந்திரிப் பொட்டலம் ஒன்றை வைத்தார். லேபிளில் எடை 0.252 கிலோ, கிலோ விலை 48.00, கட்டவேண்டியது 12.10 என்று அச்சாகியிருந்தது. திரையிலும் 12.10 என்றே வந்தது. விலைக்கு இடப்பக்கம் சிறிய எழுத்தில் இருந்த எடையை அதுவரை நான் ஊன்றிப் பார்த்ததில்லை. அங்கே 0.233 என்று இருந்தது. பொட்டலத்தை வாங்கிக் கவுண்டர்த் தராசில் வைத்தேன், 252 கிராம் காட்டியது. காசாளர்ப் பெண், "என்னண்ணே, காசு கம்மியா வருதா?" என்று கேட்டாள். காசு சரியாகத்தான் வந்திருந்தது. அதனால்தான் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த லேபிளில் இருந்த 13 இலக்கங்களைப் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

```
2100417012103
21 | 00417 | 01210 | 3
```

தொழிற்சாலையில் அச்சாகி வரும் பொருள்களின் பார்கோடு நாடுதோறும் உள்ள ஜிஎஸ்1 அமைப்பு வழங்கிய எண்ணில் தொடங்கும். மலேசிய அமைப்பு வழங்குவது 955. இருபதுகளில் தொடங்கும் எண்களோ கடைகள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்வதற்கென்று ஒதுக்கப்பட்டவை. எங்கள் கடையில் 21 என்றால் தராசு அச்சடித்த, விலை உள்ளடங்கிய லேபிள். அடுத்த ஐந்து இலக்கங்கள் பொருளின் எண். அதற்கடுத்த ஐந்து இலக்கங்கள் சென்னில் விலை, அதாவது 12 வெள்ளி 10 சென். கடைசி இலக்கம் ஸ்கேனர் தவறாகப் படித்துவிட்டதா என்று சரிபார்ப்பதற்கு. இதில் எடைக்கு இடமே இல்லை. பொருளின் எண், விலை, எடை மூன்றும் 13 இலக்கத்துக்குள் அடங்காது என்பதால், விலையை வைத்துக்கொண்டு எடையை விட்டுவிட்டார்கள்.

எடை இல்லாவிட்டாலும் இருப்பிலிருந்து எத்தனை கிலோ கழிப்பது என்பதைக் கணினி முடிவு செய்தாக வேண்டும். அதற்கு அது பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது: பார்கோடில் வந்த விலையை, தன் பட்டியலில் இப்போதுள்ள கிலோ விலையால் வகுக்கிறது. விலை மாறாதவரை இது அச்சு அசலாகச் சரியாக இருக்கும். 12.10 வெள்ளியை 48ஆல் வகுத்தால் 0.252 வந்துவிடும். ஆனால் கணினியில் கிலோ விலையை 52 என்று மாற்றிய காலையில், அலமாரியில் இருந்தவை அத்தனையும் 48 வெள்ளி விலையில் அச்சான பொட்டலங்கள். 12.10ஐ 52ஆல் வகுத்தால் 0.233. விற்றது 252 கிராம், கணினி கழித்தது 233 கிராம்.

48க்கும் 52க்கும் உள்ள விகிதம் பன்னிரண்டுக்குப் பதின்மூன்று. ஆகவே பழைய லேபிளோடு விற்ற ஒவ்வொரு பொட்டலத்திலும் பதின்மூன்றில் ஒரு பங்கு எடை கணக்கிலிருந்து கழியாமல் தங்கிவிடும். இனி, விலை ஏறிய அன்று அலமாரியில் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தால் போதும். கணினியில் அந்தத் தகவல் இல்லை, அக்காவின் நோட்டில் இருந்தது. எத்தனை பொட்டலம் போட்டார், மொத்த எடை எவ்வளவு என்று நாள்தோறும் பென்சிலால் குறித்து வைப்பது அவருடைய வழக்கம். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. விலை ஏறியதற்கு முந்தைய நாள் மாலைக் குறிப்பு: 177 பொட்டலம், 44.2 கிலோ. அத்தனையும் கணக்கெடுப்புக்குள் விற்றுத் தீர்ந்திருந்தன. 44.2ஐ 13ஆல் வகுத்தால் 3.4.

அந்த நோட்டையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினேன். அவர் தாமே இரண்டு முறை வகுத்துப் பார்த்தார். மறுநாள் முந்திரிப் பெட்டியைத் திறக்க வரவில்லை. அக்கா என்னிடம், "தம்பி, இத மொதல்லயே பாத்திருந்தா எனக்கு ரெண்டு வாரம் தூக்கம் போயிருக்காது" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. விலை மாற்றத்தைக் கணினியில் ஏற்றியதே நான்தான். காலையில் கணினியில் மாற்றினேன், தராசுகளில் மாலையில்தான் மாற்றினேன். அதனால் அன்று பகலில் அச்சான ஏலக்காய், மிளகாய் லேபிள்களும் பழைய விலையிலேயே வெளிவந்திருந்தன என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இதைத் தீர்க்க முதலில் தோன்றிய வழி, பார்கோடில் விலைக்குப் பதில் எடையை வைப்பது. எங்கள் தராசுகளில் அந்த அமைப்பும் உண்டு. 22 என்று வேறொரு தொடக்க எண்ணைக் கொடுத்து முந்திரிக்கு மட்டும் செய்து பார்த்தேன். இருப்புக் கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் பிழை இடம் மாறி வாடிக்கையாளர் முன்னால் வந்து நின்றது. எடை உள்ள பார்கோடில் விலையைக் கணக்கிடுவது கவுண்டர்க் கணினி. அடுத்த முறை விலை ஏறியதும் லேபிளில் ஒரு விலையும் பில்லில் அதைவிடக் கூடுதலான விலையும் வந்தன. சீனப் பாட்டி ஒருவர் லேபிளில் விரலை வைத்துக் காட்டிக் கேட்டபோது காசாளரால் எதுவும் பேச முடியவில்லை. பொட்டலத்தின் மேல் கடை அச்சடித்துக் கொடுத்த விலைதான் விலை என்று அவர் எண்ணியது முழுக்க நியாயம். அன்று மாலையே பழைய முறைக்குத் திரும்பினேன். இருப்பில் பிசகு வந்தால் நாங்கள் உட்கார்ந்து தேடிக்கொள்ளலாம், பில்லில் வரக்கூடாது என்பது இன்றும் என் கருத்து.

எடை, விலை இரண்டையும் சேர்த்துச் சுமக்கும் டேட்டாபார் எக்ஸ்பாண்டட் என்ற வகைப் பார்கோடும் இருக்கிறது. எங்கள் தராசுகளால் அதை அச்சடிக்க முடியாது. நான்கையும் மாற்றுவதற்கு முதலாளி சம்மதிப்பார் என்ற எண்ணமும் எனக்கு இல்லை.

கடைசியில் கைகொடுத்தது எளிமையான ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்களை ஒதுக்கினேன். இரண்டும் ஒரே இருப்பிலிருந்து கழியும். முந்திரி விலை ஏறும்போது 00417 என்ற எண்ணின் விலையில் கை வைப்பதில்லை. புது விலை 00418 என்ற எண்ணுக்குப் போகும். அன்று கடை மூடிய பிறகு தராசுகள் நான்கிலும் முந்திரிப் பொத்தானை 00418க்கு மாற்றிவிடுவேன். அலமாரியில் மிச்சமுள்ள பழைய பொட்டலங்கள் பழைய எண்ணோடும் பழைய கிலோ விலையோடும் விற்றுத் தீரும். வகுத்தல் இரண்டு பக்கமும் சரியாக வரும். பழைய லேபிள் தீர்ந்துவிட்டது என்று அக்கா சொன்னதும் 00417ஐ முடக்கிவிடுவேன், அடுத்த விலை மாற்றத்துக்கு அது காத்திருக்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முடக்கிய பிறகு அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு பொட்டலம் எப்போதாவது கவுண்டருக்கு வந்துவிடும். அப்போது கணினி பொருள் இல்லை என்று சொல்லி நின்றுவிடும், வரிசை தேங்கும், காசாளர் என்னைக் கூப்பிடுவார். பின்கட்டில் புது லேபிள் ஒட்டிக்கொண்டு வர இரண்டு நிமிடம் ஆகும். எண்ணை முடக்காமலே மறுபடியும் புது விலைக்குப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பொட்டலம் சத்தமில்லாமல் கடந்துபோய், பழைய கதை பொட்டலம் பொட்டலமாகத் திரும்பியிருக்கும். இந்த இரண்டு நிமிடத் தொந்தரவையே நான் விரும்பினேன், காசாளர்கள் விரும்பவில்லை.

ஐந்து இலக்க விலையின் இன்னொரு எல்லையையும் ஒருமுறை முட்டினோம். 99999 சென், அதாவது 999 வெள்ளி 99 சென்னுக்கு மேல் அதில் எழுத முடியாது. ஒரு கல்யாண வீட்டுக்குக் கிலோ 180 வெள்ளி ஏலக்காயை ஆறு கிலோ ஒரே பையில் போட்டு, அக்கா இல்லாத நாளில் புதுப் பையன் லேபிள் எடுத்துவிட்டான். விலை 1,080 வெள்ளி என்று எழுத்தில் சரியாக அச்சாகியிருந்தது. பார்கோடில் முதல் இலக்கம் உதிர்ந்து 08000 என்று ஆகியிருந்தது. திரையில் 80 வெள்ளி என்று வந்ததைக் காசாளர் கவனித்ததால் பிழைத்தோம். அதிலிருந்து ஏலக்காய் ஒரு பையில் ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது என்று தராசில் ஒட்டி வைத்தோம்.

அக்காவின் பென்சில் நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. பொட்டலம், எடை என்ற இரண்டுக்கும் பக்கத்தில் எந்த எண்ணில் லேபிள் எடுத்தார் என்பதையும் எழுதுகிறார்: 417 அல்லது 418.