களிம்பு எட்டாத இடம்

என் மகனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது, உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு ரூபாய் அளவுக்கு முடி இல்லாததைப் பார்த்தேன். “புழுவெட்டு” என்றார் அத்தை. சின்ன வெங்காயத்தை நறுக்கி ஐந்து நாள் தேய்த்தோம். தோல் எரிந்து பிள்ளை அழுததுதான் மிச்சம்.

பிறகு மருந்துக்கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது, சிவப்பும் மங்கியது. குணமாகிறது என்று நம்பி மூன்று வாரம் விடாமல் தடவினேன். அதற்குள் ஒரு வட்டம் மூன்றாகிவிட்டது. பின்கழுத்தில் நெறி கட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தபோதுதான் பயந்துபோய்த் தோல் மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் முதலில் களிம்பின் உறையைப் படித்தார். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் மறைத்துவிடும், பூஞ்சையோ அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும் என்றார். பிறகு லென்ஸை என் கையில் கொடுத்தார். “புழுவெட்டாக இருந்தால் இந்த இடம் வழுவழுவென்று இருக்கும். இங்கே என்ன தெரிகிறது, பாருங்கள் அம்மா.” சாம்பல் நிறச் செதில்களும் அவற்றின் நடுவே கரும்புள்ளிகளும் தெரிந்தன. முடி முளைக்கிறது என்று நான் மகிழ்ந்த புள்ளிகள் அவை. உண்மையில் அவை தோலோடு தோலாக ஒடிந்துபோன முடிகளின் அடிக்கட்டைகள். தலையில் வந்திருந்தது படர்தாமரை.

மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டி, இரண்டு கரும்புள்ளிகளை இடுக்கியால் பிடுங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முடித்தண்டின் உள்ளே, பையில் கேழ்வரகைத் திணித்ததைப் போல, உருண்டை உருண்டையாகப் பூஞ்சை வித்துகள் நிறைந்திருந்தன. களிம்பு ஏன் தோற்றது என்பது அந்தக் கணமே எனக்குப் புரிந்தது.

உடம்பில் வரும் படர்தாமரை தோலின் மேலடுக்கில் இருப்பதால் அதற்குப் பெரும்பாலும் களிம்பே போதும். தலையிலோ பூஞ்சை முடிக்குழிக்குள் இறங்கி முடிக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. மேலே தடவுவது அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. விழுங்கும் மருந்து இரத்தத்தின் வழியாக முடி உருவாகும் இடத்தை அடைகிறது, புதிதாக வளரும் முடியில் மருந்தும் சேர்ந்தே வருகிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால் சிகிச்சையும் வாரக்கணக்கில் நீள்கிறது. மொட்டையடித்துவிடலாமா என்று அத்தை கேட்டார். வேருக்குள் இருப்பது அப்படியே இருக்கும், அந்தக் கத்தி அடுத்த பிள்ளையின் தலைக்கும் போகும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார்.

“வீட்டில் பூனை இருக்கிறதா?” என்று அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. பூனையிடமிருந்து தொற்றும் வகைக்கு கிரிசியோஃபல்வின் என்ற பழைய மருந்தே நன்றாக வேலை செய்யுமாம். அதைக் கொழுப்புள்ள உணவோடு ஆறு முதல் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பூனை இல்லை. நுண்ணோக்கியில் கண்டதும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகை போலவே இருந்தது. அதனால் டெர்பினாஃபின் எழுதினார். மகனின் எடை 21 கிலோ. கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, 250 மில்லிகிராம் மாத்திரையில் பாதியைத் தினம் ஒருவேளை, நான்கு வாரம் கொடுக்கச் சொன்னார். வாரம் இருமுறை கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். ஷாம்பு நோயைத் தீர்க்காது, தலையிலிருந்து வித்துகள் உதிர்ந்து மற்றவர்களுக்குப் போவதைக் குறைக்கும்.

எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரே சீப்புதான் தொங்கியது. ஐந்து வயது மகளின் தலையில் வட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்த மருத்துவர், பொடுகு என்று நான் விட்டிருந்த செதிலைச் சுரண்டி எடுத்தார். அதிலும் பூஞ்சை. அவளுக்கும் மாத்திரை தொடங்கினோம். அவளை விட்டிருந்தால் மகனுக்கு மறுபடியும் வந்திருக்கும். சீப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தேன். பழைய சீப்பை எறிந்துவிட்டேன்.

பள்ளியில் சுதந்திர தின நடனத்துக்கு ஒரே தலைப்பாகையைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கட்டி ஒத்திகை பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் வகுப்பு ஆசிரியையிடம் மறைக்காமல் சொன்னேன். மாத்திரையும் ஷாம்புவும் தொடங்கிவிட்டதால் மகனைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது வாரத்தில் அரிப்பு முழுதும் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிறுத்தவில்லை, நல்லவேளை. நான்காம் வாரம் எடுத்த முடியில்கூடப் பூஞ்சை தெரிந்தது. இன்னும் இரண்டு வாரம் கொடுத்தோம். ஆறாம் வார முடிவில் இருவருக்கும் நுண்ணோக்கியில் எதுவும் இல்லை. மகனின் உச்சியில் வட்டத்தின் ஓரத்திலிருந்து பூனைமுடி போல மெல்லிய முடி வரத் தொடங்கியது. வழித்துச் சீவினால் இடம் தெரியாத அளவுக்கு அது வளர மூன்று மாதம் ஆயிற்று.