அண்ணனா தம்பியா என்று தெரியாமல் எழுதிக் கொடுத்த வாழ்த்துரை

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பழக்கமில்லாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. “டீச்சர், வியாழக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷனுங்க. நான் பொண்ணோட பிரதர். மேடையில பேசச் சொல்றாங்க. எழுதித் தர முடியுமுங்களா?” திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. என் எண்ணைக் கொடுத்த சக ஆசிரியருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

கோபியில் தமிழ் ஆசிரியராக இருப்பதால் வாழ்த்து மடல் எழுதிப் பழக்கம் உண்டு. ஆனால் அதற்குப் பேராவது கையில் இருக்கும். இங்கே கல்யாணம், கூடப்பிறந்தவன் என்ற இரண்டு செய்திதான்.

முதலில் எழுதியது கதை. சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் போனது, முறுக்குக்குச் சண்டை போட்டது என்று நானே கற்பித்து எழுதினேன். படித்துப் பார்க்கும்போதே கூசியது. மேடையில் நிற்கும் பெண்ணுக்கு அது நடக்கவில்லை என்று தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியும். கிழித்துவிட்டேன்.

அடுத்த சிக்கல்தான் பெரியது. ‘பிரதர்’ என்று சொல்லிவிட்டார், அண்ணனா, தம்பியா? அண்ணனென்றால் மணமகனை மாப்பிள்ளை என்பார். தம்பியென்றால் மச்சான் என்றோ மாமா என்றோ கூப்பிடுவார். தங்கச்சியை மேடையிலும் ‘இவ’ என்று சொல்லலாம். அக்காவைச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வழி நம் பேச்சிலேயே இருந்தது. ‘அக்கா சொல்லுச்சு’, ‘தங்கச்சி சொல்லுச்சு’ என்று இரண்டுக்கும் ஒரே முடிவு வைத்துத்தானே பேசுகிறோம்? அதனால் ‘பொண்ணு’ என்றே வைத்தேன், வினை வந்தால் ‘உச்சு’ போட்டு முடித்துக்கொள்ளலாம். மணமகன் ‘எங்க ஊட்டு மாப்பிள்ளை’ ஆனார். வீட்டுக்கு மாப்பிள்ளை என்றால் யார் வாயிலும் பொருந்தும். ‘அப்பா அம்மா’ என்று எழுதப் போன இடத்தில் கை நின்றது. அப்பா இல்லாத வீடாக இருந்துவிட்டால் அந்த ஒரு சொல்லில் அவருக்குக் குரல் உடைந்துபோகும். அங்கே ‘எங்க ஊட்டுப் பெரியவங்க’ என்று வைத்தேன்.

கூடப்பிறந்தவன் என்ற உறவே என்ன தருகிறது என்று யோசித்தேன். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று ஒரு சடங்கே உண்டு. பெண்ணின் கூடப்பிறந்தவனுக்கோ நாளைக்குத் தாய்மாமன் என்ற இடம். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைப்பது பற்றி ஒரு வரி எழுதினேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் கல்யாணத்தன்றே குழந்தைப் பேச்சு அந்தப் பெண்ணுக்குச் சுமை. அடித்துவிட்டேன். மிஞ்சியது சீர் கொண்டு போவது. அதை வைத்துத்தான் முடித்தேன்:

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பொண்ணோட கூடப்பொறந்தவன்.
இந்த வாரம் ஒரு நாள் பொண்ணு ________.
அப்பத்தான் இனி இது நம்மூட்ல இருக்காதுன்னு எனக்கு உறைச்சுதுங்க.
எங்க ஊட்டுப் பெரியவங்க வளர்த்த விதத்தை நான் சொல்ல வேண்டியதில்ல, பொண்ணைப் பார்த்தாலே தெரியும்.
எங்க ஊட்டு மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லோணும். பொண்ணைப் பத்தி எனக்கு நெறையத் தெரியும். ஆனா அதைச் சொல்லித் தரப் போறதில்லைங்க. நீங்களே ஒவ்வொண்ணாத் தெரிஞ்சுக்கோணும், அதுல ஒரு சந்தோசம் இருக்குது.
சீர் கொண்டுக்கிட்டும் வருவேன், சும்மாவும் வருவேன். சும்மா வர்றப்ப ஒரு டம்ளர் மோர் போதுமுங்க.
ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும்.”

கோடு போட்ட இடத்தை நான் நிரப்பக் கூடாது. “இந்த வாரம் உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். பத்து வருசத்துக்கு முந்தையது வேண்டாம், பெருமையும் வேண்டாம்” என்று கீழே குறிப்பு வைத்தேன். பழைய கதை நீண்டுகொண்டே போகும். இந்த வாரத்தது ஒரு வரியில் நிற்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் படித்தும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது. போட்டோவுக்கு வரிசை நிற்கும் மேடையில் அதற்கு மேல் தாங்காது.

சனிக்கிழமை கூப்பிட்டார். தம்பிதானாம், அப்பா தவறி மூன்று வருசமாம். “பெரியவங்கன்னு நீங்க போட்ட எடத்துல அம்மாவைப் பார்த்துக்கிட்டே சொன்னனுங்க டீச்சர்” என்றார். கோட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம், கையில் மருதாணியோடு, அக்கா கட்டுத்தறிக்குப் போய் எருமைக்குத் தண்ணீர் வைத்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாம்.