பெரியம்மாவின் 15H படிவமும் நான் எழுதிய தவறான ஆண்டும்

2025 வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்காகப் பெரியம்மா குன்னூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் ஐந்து வாரம் தங்கினார். கிளிநொச்சியில் இருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும் எங்கள் ஊருக்கு. மலையகத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர் கலியாணமான கையோடு 1975இல் இந்தியாவுக்குப் போனவர். அம்மா இரண்டு வருடம் கழித்து, 77 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். அக்கா அங்கே, தங்கச்சி இங்கே. பெரியப்பாவும் பெரியம்மாவும் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் உழைத்து வாங்கிப் போட்ட வீட்டை, பெரியப்பா இறந்த பிறகு விற்று, காசை வங்கியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வந்த மூன்றாம் நாள் கைப்பையில் இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "தம்பி, நீங்க சங்கத்துல கணக்கு பாக்குறவருதானே. பேரன் அவசரத்துல நிரப்பிக் குடுத்தான். ஏப்ரல்லயே குடுத்திருக்கணுமாம், மறந்துட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க."

அதுதான் 15H. அறுபது வயது நிறைந்தவர்கள், 'இந்த ஆண்டு என் மொத்த வருமானத்துக்கு வரி எதுவும் வராது, ஆகவே வட்டியில் வரி பிடிக்காதீர்கள்' என்று அப்போது இந்திய வங்கிக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி. அறுபதுக்குக் கீழே என்றால் 15G. கொடுக்காவிட்டால், ஒரே வங்கியில் வருட வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டும்போது பத்து வீதம் பிடித்துவிடுவார்கள். மூத்தவர்களுக்கான அந்த எல்லை 2025 ஏப்ரலுக்கு முன் ஐம்பதாயிரமாக இருந்தது.

எனக்கு ஒரு தலைக்கனம். அதே வருடம் ஏப்ரலில் இங்கேயும் வட்டி மீதான பிடித்தம் 5 வீதத்திலிருந்து 10 ஆனது. ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்கு மேல் போகாதவர்கள் வங்கிக்குச் சுய பிரகடனம் கொடுக்கலாம் என்றார்கள். அம்மாவுக்கு அதை நான்தான் நிரப்பிக் கொடுத்திருந்தேன். இதுவும் அதன் அக்காதானே என்று நினைத்துவிட்டேன்.

பேரன் ஆண்டுக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தான். நாலாவது கட்டம் 'முந்தைய ஆண்டு' என்று கேட்கிறது. கீழே உறுதிமொழிப் பகுதியில் 'மதிப்பீட்டு ஆண்டு' என்று இன்னொன்று. நான் யோசிக்காமல் நாலாவதில் 2024-25, கீழே 2025-26 என்று பென்சிலால் எழுதினேன். முந்தைய என்றால் போன வருடம்தானே? அதோடு, இலங்கையில் 2025/26 மதிப்பீட்டு ஆண்டு என்றால் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை சம்பாதிக்கும் ஆண்டு. இங்கே வரிப் பத்திரம் பார்த்துப் பழகிய எவரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

இந்தியப் படிவத்தில் அது பிழை. அங்கே அப்போதைய சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்பது சம்பாதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை கிடைக்கும் வட்டியை 2026-27இல்தான் மதிப்பிடுகிறார்கள். அந்த 2026-27இல் நின்று திரும்பிப் பார்த்தால் 2025-26 'முந்தைய' ஆண்டு. ஆக நாலாவது கட்டத்தில் 2025-26, கீழே '31.03.2026இல் முடியும் ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு 2026-27' என்று வர வேண்டும். நான் எழுதியபடி போயிருந்தால், ஏற்கெனவே முடிந்துபோன வருடத்துக்குப் பெரியம்மா உறுதிமொழி கொடுத்திருப்பார். நடப்பு வருடத்துக்கு எதுவுமே இருந்திருக்காது.

என்னைக் காப்பாற்றியது பதினாலாவது கட்டம். இதற்கு முன் வரி மதிப்பீட்டுக்கு உட்பட்டவரா, ஆம் என்றால் கடைசியாக எந்த மதிப்பீட்டு ஆண்டு என்று அது கேட்கிறது. பேரன் 'இல்லை' என்று எழுதியிருந்தான். வரி கட்டாத பாட்டிதானே என்று அவன் நினைப்பு. சும்மா கேட்டேன், "எப்பயாவது கணக்கு காட்டியிருக்கீங்களா பெரியம்மா?"

"ஆமா, முன்ன ஒருக்கா பன்னெண்டாயிரம் புடிச்சிட்டாங்க. பெரியவன் கணக்கு எழுதிப்போட்டுத் திருப்பி வாங்கினான்."

பெரியம்மாவின் மூத்த மகனான அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு அந்தக் கணக்கின் ஒப்புகையை வாங்கினேன். 2024 யூலையில் தாக்கல் செய்தது. காசு பிடித்தது 2023-24இல், தாளில் மதிப்பீட்டு ஆண்டு என்று 2024-25 இருந்தது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. பென்சிலில் எழுதியது நல்லதாகப் போயிற்று, அழித்தேன். பதினாலுக்கு விடையும் 'ஆம், 2024-25' ஆனது. முந்தைய ஆறு மதிப்பீட்டு ஆண்டுகளில் எதிலாவது மதிப்பீடு நடந்திருந்தால் ஆம் என்றே எழுத வேண்டும் என்று படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்.

அடுத்து 15 முதல் 18 வரை. இந்த நாலு கட்டங்கள்தான் படிவத்தின் வயிறு.

பதினைந்து, இந்த வங்கியில் இந்த வருடம் வரப்போகும் வட்டி. பேரன் 16,00,000 என்று போட்டிருந்தான்! அது வைப்பில் கிடக்கும் முதல். வட்டியை அல்லவா கேட்கிறார்கள். பெரியம்மாவுக்கு அந்த வங்கியில் இரண்டு வைப்பு, 12 லட்சம் ஒன்று, 4 லட்சம் ஒன்று. இரண்டும் ஏழரை வீதம், மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி கணக்கில் விழும். வருடத்துக்கு 90,000 + 30,000 = 1,20,000. பதினைந்தில் அதுதான்.

பதினெட்டு அதே தொகையைப் பிரித்துக் கேட்கிறது. ஒவ்வொரு வைப்புக்கும் ஒரு வரி வேண்டும். வைப்பு எண், வருமானத்தின் வகை (வைப்பு வட்டி), பிரிவு 194A, தொகை. இரண்டு வரியின் கூட்டுத்தொகையும் பதினைந்தாம் கட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். பேரன் எண்ணுக்குப் பதில் சேமிப்புக் கணக்கு எண்ணை எழுதியிருந்தான். வைப்புப் பத்திரங்களின் படத்தை அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். 4 லட்சம் போன மாசியில் முதிர்ந்து, தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது, எண்ணும் மாறியிருந்தது. பெரியம்மா கையில் எழுதி வைத்திருந்தது பழைய எண்.

பதினாறு, வருடத்தின் எல்லா வருமானமும். இதில்தான் நிறையப் பேர் பதினைந்தில் எழுதியதையே திரும்ப எழுதுவார்கள். பேரனும் அப்படியே. நான் பெரியம்மாவை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எடுத்தேன். பெரியப்பாவின் பெயரில் வரும் விதவை ஓய்வூதியம் மாதம் ஆயிரம். வருடத்துக்கு 12,000, குடும்ப ஓய்வூதியம் என்பதால் மூன்றில் ஒரு பங்கு கழித்து 8,000. சேமிப்புக் கணக்கு வட்டி சுமார் 3,000. "வேற எங்கயாவது காசு போட்டிருக்கீங்களா?" என்றதற்கு முதலில் இல்லை என்றார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, "பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வங்கியில பதினாலு லட்சம் இருக்கு. அது சின்னவனுக்குன்னு வச்சது, அதையும் சொல்லணுமா?" என்றார்.

யாருக்கென்று மனதில் வைத்திருந்தாலும் வைப்பு அவர் பெயரில் இருக்கிறது, வட்டியும் அவருடைய வருமானம். அதே ஏழரையில் 1,05,000. அப்புறம் இன்னொன்றும் வெளியே வந்தது. அந்த வங்கியில் ஏப்ரலிலேயே ஊழியர் ஒருவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். அண்ணன் போய் விசாரித்தார். அதுவும் 15H தான்.

ஆகவே பதினாறு: 1,20,000 + 1,05,000 + 8,000 + 3,000 = 2,36,000. பதினேழு, இதே ஆண்டுக்கு வேறெங்கும் கொடுத்த 15H எத்தனை, அவற்றின் மொத்தத் தொகை எவ்வளவு. பேரன் கோடு போட்டிருந்த இடத்தில் '1' என்றும் '1,05,000' என்றும் வந்தது. உறுதிமொழியின் வாசகமே பதினைந்தையும் பதினேழையும் சேர்த்துத்தான் பேசுகிறது, அவற்றை உள்ளடக்கிய மொத்த வருமானத்துக்கு வரி இல்லை என்று. அதனால் பதினேழை மறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி. பெரியம்மாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அங்கே அந்த ஆண்டு புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது, இவருடையது அதற்கும் கீழே. அதற்கு மேலே இருந்தாலும் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி சுழியம் ஆகிறவர்கள், அறுபது கடந்திருந்தால், 15H கொடுக்கலாம் என்றிருந்தது. காணி வீடு விற்ற இலாபம் போன்றவை அந்த ஆண்டில் இருந்தால் கணக்கு வேறு மாதிரிப் போகும். இவர் வீட்டை விற்றது அதற்கு முன்பே.

வருமான வரித் துறை கொடுக்கும் பான் எண்ணை அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். பத்து இடம்: ஐந்து எழுத்து, நாலு இலக்கம், ஒரு எழுத்து. பேரன் எழுதிய பூச்சியம் ஒன்று ஆங்கில ஓ மாதிரி இருந்தது, திருத்தினேன். பான் பிழையானால் உறுதிமொழியே செல்லாது, பத்துக்குப் பதில் இருபது வீதம் பிடிப்பார்கள்.

தொலைபேசி எண்ணுக்கு என்னுடையதைப் போடச் சொன்னார், இப்போது இங்கேதானே இருக்கிறேன் என்று. வேண்டாம் என்றேன். உறுதிமொழி தொடங்குவதே 'நான் இந்தியாவில் வசிப்பவர்' என்றுதான். ஐந்து வாரம் வந்து நிற்பதால் அது மாறாது, ஆனால் இலங்கை எண்ணைப் பார்த்து வங்கியில் வீண் கேள்வி எதற்கு.

கையெழுத்தை இங்கே போட விடவில்லை. பேரன் ஆங்கிலத்தில் போடச் சொல்லியிருக்கிறான், இரண்டு நாள் பழகியும் இருக்கிறார் பாவம். வங்கி அட்டையில் இருப்பதோ தமிழ்க் கையெழுத்து, தோட்டத்துப் பள்ளியில் கற்ற அந்தக் குண்டு எழுத்து. அதையே வங்கியில் போய், திகதியும் இடமும் எழுதி, அவர்கள் முன்னால் போடச் சொன்னேன். இரண்டாம் பகுதி வங்கி நிரப்புவது, அதைத் தொடவில்லை. புதுத் தாளில் எல்லாவற்றையும் பேனையால் எழுதிப் பழையதைக் கிழித்தேன்.

ஆனி முதல் வாரம் பலாலியில் ஏற்றிவிட்டோம். அவர் கொடுக்கும் தாளின் பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வர வேண்டும், யூன் 30 வட்டி விழுவதற்கு முன் கொடுக்க வேண்டும் என்று இரண்டும் சொல்லி அனுப்பினேன். பிடித்த பிறகு வங்கி திருப்பித் தராது. மறுபடி கணக்குத் தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும்.

யூலை முதலாம் திகதி அண்ணன் வங்கிப் புத்தகத்தின் படம் அனுப்பினார். 22,500, அடுத்த வரியில் 7,500. பிடித்தம் இல்லை. கூடவே பெரியம்மாவின் குரல் பதிவு: "தம்பி, அடுத்த வருஷமும் இதேதானா?"

ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். 2026 ஏப்ரலிலிருந்து அங்கே புதிய வருமான வரிச் சட்டம். 15H, 194A என்பதெல்லாம் பழைய சட்டத்தின் பெயர்கள். என்னைக் குழப்பிய முந்தைய ஆண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் எடுத்துவிட்டு 'வரி ஆண்டு' என்று ஒன்றையே வைத்துவிட்டார்கள். பழைய தாளைப் பார்த்து எழுதாதீங்க, புதுப் படிவத்தை வங்கியிலேயே வாங்கிப் படம் எடுத்து அனுப்புங்க என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.