விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஆனால் ஆபீஸ் சர்வர் மட்டும் திறக்கவில்லை

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே இந்தத் தலைவலி வந்துவிட்டது. விபிஎன் கனெக்ட் ஆகும், மெயில் வரும், ஆனால் ஆபீஸில் கோப்புகள் இருக்கும் 192.168.1.20 என்ற சர்வர் மட்டும் திறக்காது. பாஸ்வேர்டு தப்போ என்று நினைத்து இரண்டு நாள் அதிலேயே போயிற்று.

மூன்றாம் நாள் அந்த எண்ணுக்கு பிங் கொடுத்துப் பார்த்தேன். பதில் வந்தது, அதுவும் 2 மில்லி செகண்டில். ஆபீஸ் இருப்பது வேறு ஊரில், விபிஎன் வழியாகப் போய்வர எப்படியும் முப்பது நாற்பது ஆகும். சந்தேகத்தில் அதே எண்ணை பிரவுசரில் அடித்தேன், என் வீட்டு பிரின்டரின் பக்கம் திறந்தது! வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையில்தான் எண் கொடுக்கிறது, ஆபீஸும் அதே வரிசை, பிரின்டருக்கு நான் எப்போதோ வைத்த நிலையான எண்ணும் சர்வரின் எண்ணும் ஒன்றாகப் போய்விட்டன. பிரின்டர் இல்லாவிட்டாலும் சர்வர் கிடைத்திருக்காது. காரணம் இந்த வரியில் இருக்கிறது:

```
route print -4

192.168.1.0   255.255.255.0   On-link   192.168.1.34
```

எங்கள் ஆபீஸ் விபிஎன் எல்லா டிராஃபிக்கையும் தன் வழியாகத்தான் அனுப்பச் சொல்கிறது. ஆனாலும் லேப்டாப் எப்போதும் குறுகலான, துல்லியமான வழியைத்தான் முதலில் எடுக்கும், 192.168.1-இல் இருப்பதெல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது என்று மேலே உள்ள வரி சொல்வதால் அந்தப் பாக்கெட் விபிஎன் பக்கமே போவதில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். அது வேறு வரிசை, சர்வர் உடனே திறந்தது.

ஆபீஸ் எண்களை எனக்காக மாற்ற மாட்டார்கள், நான்தான் மாற்ற வேண்டும். எந்த எண்ணுக்குப் போவது என்று நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன். "10-ல ஆரம்பிக்கிறது எல்லாம் கிளைகளுக்குப் போயிடுச்சு, அதைத் தொடாதே. 192.168-லயே 0, 1 ரெண்டையும் விட்டுட்டு நடுவுல ஒண்ணு எடுத்துக்கோ" என்றார். 73 எடுத்தேன். மூன்றாவது எண்ணை மட்டும்தான் மாற்ற வேண்டும், இரண்டாவதைத் தொடக் கூடாது. 192.169 என்று வைத்தால் அது இணையத்தில் வேறு யாருக்கோ சொந்தமான முகவரி.

சரி, 192.168.1.1-க்குள் போய் லேன் பக்கத்தில் ரவுட்டர் முகவரியை 192.168.73.1 என்று மாற்றினேன், மாஸ்க் 255.255.255.0 அப்படியே. அதே பக்கத்தில், கருவிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் டிஹெச்சிபியின் தொடக்கம் 192.168.73.100, முடிவு 192.168.73.199. சேமித்ததும் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. ரவுட்டர் கெட்டுப்போகவில்லை, அது புது எண்ணுக்குப் போய்விட்டது, லேப்டாப்தான் இன்னும் பழைய எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. பயந்துபோய் ரீசெட் பட்டனை அழுத்திவிடாதீர்கள், எல்லாம் பழையபடி 192.168.1.1-க்கே திரும்பிவிடும், இன்டர்நெட் கம்பெனி போட்டுக்கொடுத்த செட்டிங்கும் சேர்ந்து போகலாம். நான் கொடுத்தது இவ்வளவுதான்:

```
ipconfig /release
ipconfig /renew
```

லேப்டாப்புக்கு 192.168.73.100 வந்தது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. 8.8.8.8-க்கு பிங் போகிறது, பெயர் அடித்தால் மட்டும் போகவில்லை. அப்படியென்றால் சிக்கல் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான். டிஹெச்சிபி பகுதியில் டிஎன்எஸ் என்ற கட்டத்தில் பழைய 192.168.1.1 அப்படியே இருந்தது, என் ரவுட்டர் அதைத் தானாக மாற்றவில்லை. அங்கேயும் 192.168.73.1 என்று போட்டு மறுபடி renew கொடுத்ததும் சரியானது. வீட்டில் எல்லாருடைய போனிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறுவதில்லை.

மிச்சம் இருந்தது பிரின்டர். நிலையான எண் வைத்த எதுவும் தானாக மாறாது, வீட்டில் கேமரா டிவிஆர் வைத்திருப்பவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரின்டரின் சிறிய திரையில் நெட்வொர்க் மெனுவுக்குள் போய் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றினேன், அப்புறம் ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு 192.168.73.120 என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். லேப்டாப்பில் பழைய பிரின்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் அது பழைய எண்ணுக்கே அச்சு அனுப்பிக்கொண்டிருக்கும்.

விபிஎன் போட்டு மறுபடி 192.168.1.20-க்கு பிங் கொடுத்தேன். 38 மில்லி செகண்ட், சர்வரும் திறந்தது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இன்னும் 192.168.1.1 என்றுதான் இருக்கிறது, அதன் மேலேயே புது எண்ணை எழுதி ஒட்டிவிட்டேன்.