பம்ப் ஓடுகிறது, ஏர் கூலர் பேட் மட்டும் நனையவில்லை

எங்கள் ஊர் வேலூர். கோடையில் போர் தண்ணீரைத்தான் ஏர் கூலரில் ஊற்றுகிறோம். இந்த ஏப்ரலில் ஒரு மதியம் கூலரிலிருந்து வெறும் அனல் காற்று வந்தது. பம்ப் சத்தம் கேட்கிறது, பின்பக்கம் தொட்டுப் பார்த்தால் பேட் காய்ந்து கிடக்கிறது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு டேங்கைப் பார்த்தேன். பம்பின் உறிஞ்சும் வாய்க்குச் சற்று மேலே வரைதான் தண்ணீர் இருந்தது. இந்த அளவில் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், சத்தம் விட்டுவிட்டுக் கரகரக்கும். தண்ணீர் இல்லாமலே ஓடினால் சூடேறி, பம்பின் காயில் எரிந்துவிடும். டேங்கை நிரப்பிப் போட்டதும் சத்தம் சீரானது. ஆனாலும் பேட் நனையவில்லை.

பம்ப் சத்தம் போடுவதால் தண்ணீர் மேலே ஏறுகிறது என்று அர்த்தமில்லை. அதைத் தெரிந்துகொள்ள, மறுபடி ப்ளக்கை எடுத்துவிட்டு, பின் கதவைக் கழற்றி, டியூபை மேல் முனையில் உருவி ஒரு பக்கெட்டுக்குள் விட்டேன். டேங்கிலோ நனைந்த பாகத்திலோ கை வைக்காமல், சில நொடிகள் மட்டும் பம்பைப் போட்டேன். தண்ணீர் நன்றாகப் பாய்ந்தது. அப்படியானால் பம்பும் டியூபும் சரி, அடைப்பு அதற்கு மேலேதான். இங்கே சொட்டுச் சொட்டாக வந்திருந்தால் பம்பின் வலையையும் உள்ளே சுற்றும் இறக்கையையும் கழுவிப் பார்த்திருப்பேன்.

பேடுக்கு மேலே தண்ணீரைப் பிரித்துவிடும் தட்டைக் கழற்றினால், ஓட்டைகளில் பெரும்பாலானவை வெள்ளையாக அடைந்திருந்தன. கூலரில் தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலுள்ள உப்பு போகாது. காலியாகக் காலியாக மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், டேங்கில் இருக்கும் தண்ணீர் நாளுக்கு நாள் கடினமாகும். ஓட்டைகள் சிறியவை என்பதால் முதலில் அங்கேதான் அடைக்கும்.

ஊக்கால் குத்திப் பார்த்தேன், கொஞ்சம்தான் உதிர்ந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்து, தட்டை அதில் ஊறவைத்தேன். நுரைத்து வந்தது. நுரை அடங்கியதும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மீண்டும் ஊக்கை விட்டு ஒவ்வொரு ஓட்டையையும் திறந்தேன். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம். அது உலோகத்தை அரிக்கும், மிச்சம் இருந்தால் நெடியும் அறைக்குள் வரும்.

தட்டை நன்றாக அலசி மாட்டியபின், காற்றாடியைப் போடாமல் பம்பை மட்டும் ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் பேட் மேலிருந்து கீழ்வரை நனைந்தது, ஒரு ஓரத்தைத் தவிர. கூலர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதால் தட்டில் தண்ணீர் அந்த ஓரத்துக்குப் போகவில்லை. காலுக்கடியில் மரத்துண்டு கொடுத்து மட்டம் பார்த்ததும் அதுவும் சரியானது.

இப்போது வாரம் ஒருமுறை அடியிலுள்ள மூடியைத் திறந்து, பழைய தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டுத்தான் புதிதாக நிரப்புகிறோம்.