பகல் நேர ரத்தத்தில் ஒரு புழு

கோவைப் பக்கம் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் சிபிசி பரிசோதனை ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வரும். எண்ணும் வேலையை மிஷினே செய்துவிடும். எதையாவது சந்தேகப்பட்டு அது கொடி காட்டினால்தான் நாங்கள் ஸ்லைடு போட்டுப் பார்ப்போம். அன்று அது காட்டியது இயோசினோஃபில் என்ற வெள்ளையணு. 17 சதவீதம், வழக்கத்தைவிட மிக அதிகம். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் 24 வயதுப் பையன், பீகார்க்காரர். உடல் சோர்வு என்று டாக்டரிடம் போயிருக்கிறார், அவர் சிபிசி எழுதிக் கொடுத்திருக்கிறார். பகல் பன்னிரண்டரைக்கு ரத்தம் எடுத்தோம்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லிய படலமாக, அதாவது ஸ்மியராக இழுத்து, லீஷ்மன் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு, காய்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செல்களை எண்ணுவதற்கு ஸ்மியரின் நடுப்பகுதியே போதும். சிவப்பணுக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பரவியிருப்பது அங்கேதான். ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா, எண்ண ஆரம்பிப்பதற்கு முன் 10 எக்ஸ் லென்ஸில் வால் முனையை ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். ரத்தத்தை இழுக்கும்போது பெரிய பொருட்களெல்லாம் கடைசி விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கேயே தங்கிவிடும். பிளேட்லெட் கட்டிகளைத் தேடத்தான் அங்கே போவேன். அன்று அந்த விளிம்பில் ஒரு ஊதா நூல் வளைந்து கிடந்தது.

முதலில் பஞ்சு நூல் என்றுதான் நினைத்தேன். மில் ஊரில் ஸ்லைடில் பஞ்சு விழுவது தினமும் நடப்பதுதான். ஆனால் பஞ்சு ரத்தத்துக்கு மேலே கிடக்கும். ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பினால் அது தெளிவாகி, செல்கள் மங்கிவிடும். பளபளப்பாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இது அப்படியில்லை. சிவப்பணுக்களோடு ஒரே மட்டத்தில் கிடந்தது. அகலம் ஏறக்குறைய ஒரு சிவப்பணு அளவு, நீளம் முப்பது சிவப்பணுக்களை வரிசையாக வைத்தால் வரும் அளவு. உள்ளே ஊதாப் புள்ளிகள் நெருக்கமாக வரிசை கட்டியிருந்தன. அவை உட்கருக்கள். பஞ்சுக்கு உட்கரு கிடையாது.

எண்ணெய் விட்டு 100 எக்ஸில் பார்த்தேன். வால் கூர்மையாக முடிந்தது. அந்த நுனியில் உட்கரு இல்லை, காலியாக இருந்தது. தலைக்கு முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் மங்கலாக ஓர் உறை நீட்டிக்கொண்டிருந்தது. யானைக்கால் நோயைத் தரும் வுச்செரேரியா பாங்கிராஃப்டியின் குஞ்சு, அதாவது மைக்ரோஃபைலேரியா. அதே நோயைத் தரும் இன்னொரு புழு புருகியா மலாயி. அதற்கு வால் நுனியில் தனித்தனியாக இரண்டு உட்கருக்கள் இருக்கும், உறையும் நல்ல ரோஸ் நிறமாகச் சாயம் பிடிக்கும். இங்கே இரண்டும் இல்லை.

உடனே ரிப்போர்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்லைடு மாறியிருந்தால்? அதே ட்யூபிலிருந்து இன்னொரு ஸ்மியர் இழுத்தேன். அந்த ஸ்மியரின் வால் முனையில் இன்னொரு புழு கிடைத்தது. அப்புறம் ஒரு சொட்டு ரத்தத்தைச் சாயம் எதுவும் இல்லாமல் கவர்ஸ்லிப் போட்டு வைத்தேன். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஓரிடத்தில் சிவப்பணுக்கள் மட்டும் அலைந்து விலகின. நடுவில் உயிரோடு ஒரு புழு பாம்பு போலத் துடித்துக்கொண்டிருந்தது. பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இது ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்துக்குச் சொந்தக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பெத்தாலஜிஸ்ட் மேடம் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, "புழு சரிதான். ஆனா பகல்ல எப்படி?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் நாட்டில் பெரும்பாலும் இந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இரவில்தான் தோலுக்கு அருகில் ஓடும் ரத்தத்துக்கு வரும். இதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு இரவில் கடிக்கிறது, அந்த நேரத்துக்கு ஏற்பக் குஞ்சுகளும் வருகின்றன. அதனால்தான் யானைக்கால் பரிசோதனைக்கு இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுப்பார்கள். "இன்னைக்கு ராத்திரி எடுத்துடு. எத்தனை இருக்குன்னு பார்த்துட்டு டாக்டர்கிட்ட பேசறேன்" என்றார்.

ஷிஃப்டுக்குப் போகும் வழியில் இரவு பதினோரு மணிக்கு அந்தப் பையன் வந்தார். விரலில் குத்தி, 20 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று தடித்த ஸ்மியர் போட்டேன். மறுநாள் காலை அவற்றைத் தண்ணீரில் வைத்துச் சிவப்பு நிறத்தைக் கழுவி, ஜீம்சா ஸ்டெயின் செய்து, மூன்றையும் விளிம்பு முதல் விளிம்பு வரை பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரவு ரத்தம்தான் முறையான பரிசோதனை. அது நெகட்டிவ். பகல் ஸ்லைடை யாராவது தவறு என்று ஒதுக்கிவிட்டால், இந்தப் பையன் மாத்திரை இல்லாமல் போய்விடுவார். ஆனால் அந்தத் துடிப்பை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த ரெக்விசிஷன் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வயது, பாலினம், சோர்வு. வேறொன்றும் இல்லை. சரி, அவரையே கேட்போம் என்று போன் செய்தேன்.

"தம்பி, நீங்க எப்ப தூங்குவீங்க?"

"காலையில ஒன்பது மணிக்கு அக்கா. மூணு மணி வரைக்கும். நைட் ஷிஃப்ட் மட்டும்தான், நாலு மாசமா."

முதல் நாள் சோர்வு தாங்காமல் பாதித் தூக்கத்தில் எழுந்து டாக்டரிடம் போயிருக்கிறார். அங்கிருந்து நேராக லேபுக்கு வந்திருக்கிறார். அதாவது அவருடைய நடுராத்திரியில் நாங்கள் ரத்தம் எடுத்திருக்கிறோம். இரவு பதினோரு மணி என்பது அவருக்கு எழுந்து எட்டு மணி நேரம் ஆன பொழுது.

மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவைத்து, இரவில் விழிக்கவைத்துப் பார்த்ததையும், சில நாட்களில் புழுக்களும் பகலுக்கு மாறிவிட்டதையும் சொன்னார். புழு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, தூங்கும் உடம்பைப் பார்க்கிறது.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நானே ஹாஸ்டலுக்குப் போனேன். அவரை எழுப்பி, அதே 20 மைக்ரோலிட்டர் அளவில் ஸ்மியர் எடுத்தேன். முதல் ஸ்லைடில் மட்டும் ஒன்பது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி அனுப்பினோம். அங்கே விரல் ரத்தத்தில் ஆன்டிஜன் கார்டு பரிசோதனை செய்தார்கள். பத்து நிமிடத்தில் பாசிட்டிவ் கோடு வந்தது. அந்த கார்டு பிடிப்பது நிணநீர்க் குழாயில் வாழும் பெரிய புழு வெளிவிடும் பொருளை. அதனால் பகலா இரவா என்ற கவலை அதற்கு இல்லை. ஆனால் சிகிச்சைக்குப் பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவாகவே காட்டும். குஞ்சுகள் போய்விட்டனவா என்று பார்க்க மறுபடி ஸ்மியர்தான் வேண்டும்.

இந்தப் புழுவைக் கொல்லும் டிஇசி மாத்திரை பன்னிரண்டு நாள் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. சாகும் புழுக்களால் வரும் காய்ச்சல் இது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சுகாதார ஆய்வாளர் முன்பே சொல்லி வைத்திருந்தார். நானும் தினமும் போன் செய்து கேட்டேன். அவருடைய காலில் வீக்கம் எதுவும் இல்லை. ஊரில் அவருடைய பெரியப்பாவுக்கு இருக்கிறதாம். அந்தக் காலைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். தனக்கும் அப்படி ஆகிவிடுமா என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வீக்கம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறோம், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஹாஸ்டலில் அவருடைய அறையில் இருந்த மற்ற பதினோரு பேருக்கும் கார்டு போட்டார்கள். ஒருவருக்குப் பாசிட்டிவ். அவரும் நைட் ஷிஃப்ட்தான். ஸ்மியர் எடுக்க எப்போது வரட்டும் என்று ஆய்வாளர் கேட்டார். பகல் பன்னிரண்டுக்கு வரச் சொன்னேன்.