இனிஷியல் மாறியதில் நான் இரண்டு பேரான கதை: ரெஸ்யூமே, லிங்க்டுஇன், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்

ஆஃபர் லெட்டர் வந்து, பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியடும் முடியப்போகிற நேரத்தில் புது கம்பெனியின் ஹெச்ஆரிடமிருந்து ஒரு மெயில். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் என் முதல் வேலைக்கு ‘Unable to verify’ என்று வந்திருக்கிறதாம். அந்தப் பெயரில் யாரும் அங்கே வேலை பார்த்ததே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. மூன்று வருடம் டெஸ்டிங் டீமில் குப்பை கொட்டிய இடம் அது!

காரணம் பெயர். உண்மைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஒரு மாதிரிப் பெயர் வைத்துச் சொல்கிறேன். நான் கவிதா, அப்பா சுந்தரம், கணவர் முரளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் டிகிரியிலும் KAVITHA S. பான் கார்டில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும், அதனால் அங்கே KAVITHA SUNDARAM. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் சொல்லி ஆதாரில் Kavitha Murali ஆனது. முதல் கம்பெனியின் ரிலீவிங் லெட்டரில் S. Kavitha. நம் ஊரில் இதெல்லாம் ஒரே ஆள் என்று பெட்டிக்கடைக்காரருக்குக் கூடத் தெரியும். ஆனால் குடும்பப் பெயர் உள்ள ஊர்களுக்காகச் செய்த படிவத்தில் Last name என்ற கட்டத்தில் முதலில் S, அப்புறம் Sundaram, கடைசியில் Murali என்று வந்தால், கணக்குப்படி மூன்று பெண்கள்.

புது கம்பெனி ஆதாரில் உள்ளபடி பெயர் கேட்டது, அதனால் ரெஸ்யூமேயில் Kavitha Murali. வெரிஃபிகேஷன் ஏஜென்சி அதே பெயரை வைத்துக்கொண்டு என் முதல் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறது. அங்கே இருந்தவர் தேடிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். எம்ப்ளாயி நம்பரைக் கொண்டு தேடியிருந்தால் ஒரு நிமிட வேலை. பொதுவாக இந்த ஏஜென்சிகளின் படிவத்தில் ‘வேறு பெயரில் அழைக்கப்பட்டதுண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். என் படிவத்தை ரெக்ரூட்டரே ரெஸ்யூமேயைப் பார்த்து நிரப்பி அனுப்பிவிட்டார், எனக்குக் காட்டவே இல்லை. உங்களுக்கு வருகிறதென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பழைய பெயர், எந்த வருடம் வரை, அப்போதைய எம்ப்ளாயி நம்பர் மூன்றையும் எழுதுங்கள். ரெக்ரூட்டர் நிரப்புகிறார் என்றால் அனுப்பும் முன் ஒரு காப்பி கேட்டு வாங்குங்கள்.

இதற்கு ஹெச்ஆர் சொன்ன தீர்வுதான் என்னை அலைய வைத்தது. “டிகிரி சர்டிஃபிகேட்டில் பெயரை மாற்றி வாங்கிவிடுங்கள் மேடம், சிம்பிள்” என்றார். நானும் நம்பி, லீவு போட்டு, பஸ் பிடித்து யுனிவர்சிட்டி தேர்வுப் பிரிவுக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் என் பேப்பர்களைத் தொடவே இல்லை. “படிச்சப்ப என்ன பேரோ அதுதாம்மா. கல்யாணத்துக்கெல்லாம் மாத்தித் தர மாட்டோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படித்த நாளில் இருந்த பெயருக்கான சாட்சி அந்தத் தாள். ரிலீவிங் லெட்டரும் அப்படியே, என்னுடைய ஐஎஸ்டிக்யூபி சர்டிஃபிகேட்டும் அப்படியே. அவற்றோடு மல்லுக்கட்டுவது வீண். இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கிற ஆதார், பான், பேங்க், பிஎஃப், ரெஸ்யூமே, லிங்க்டுஇன் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டு, பழைய தாள்களுக்கும் இவற்றுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டால் போதும்.

பாலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது திருமணப் பதிவுச் சான்றிதழ். அதிலும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் நான் வாங்கிய சான்றிதழில் மணமகள் என்று என் பழைய பெயர், மணமகன் என்று கணவர் பெயர், அவ்வளவுதான். ‘இனிமேல் இவர் கவிதா முரளி’ என்று அதில் எங்கும் இல்லை. ஆதாருக்கு அதுவே போதுமாக இருந்தது. பானுக்கும் போதும் (அங்கே கல்யாணப் பத்திரிகையைக்கூட ஆவணமாக ஏற்கிறார்கள், தெரியுமா?). ஏஜென்சிக்கு மட்டும் போதவில்லை. “இதில் புதுப் பெயர் இல்லையே, கெஜட் கொடுங்கள்” என்றார்கள்.

கெஜட் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கல்யாணத்துக்காக அப்பா பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயரைப் போடுவதற்கு ஆதாரோ பானோ கேட்காத ஒன்றை ஒரு தனியார் ஏஜென்சிக்காக ஏன் எடுக்க வேண்டும்? பெயரையே மாற்றுகிறவர்கள் கதை வேறு. மதம் மாறிப் பெயர் மாற்றுகிறவர்கள், நியூமராலஜி பார்த்து Kavithaa என்று ஒரு a சேர்க்கிறவர்கள் எல்லாம் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட்டே ஆக வேண்டும், அது இல்லாமல் பிற்பாடு ஒரு அடி நகர முடியாது. அவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பெயரை மார்க் ஷீட்டில் உள்ளபடி எழுத்து பிசகாமல் கொடுங்கள். அரசிதழில் வந்த பழைய பெயரும் டிகிரியில் உள்ள பெயரும் ஒரு புள்ளி வித்தியாசப்பட்டாலும் கேள்வி கேட்க ஒரு ஆள் இருப்பார்.

கெஜட்டுக்குப் பதில் நோட்டரி அஃபிடவிட்டுக்கு ஏஜென்சி இறங்கி வந்தது. ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்ற உறுதிமொழிப் பத்திரம். கோர்ட் பக்கத்து டைப்பிங் கடையில் ரெடிமேட் வடிவம் வைத்திருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, வழக்கமாக அடிக்கிற மாதிரி ‘S. Kavitha என்ற நான் M. Kavitha என்று மாறினேன்’ என்று அடித்து, நோட்டரி கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். M. Kavitha என்ற பெயர் என்னுடைய எந்த ஆவணத்திலும் கிடையாது! ஏற்கெனவே இருந்த குழப்பத்தில் காசு கொடுத்து இன்னொரு பெண்ணைச் சேர்த்தாயிற்று. ஏஜென்சி திருப்பி அனுப்பியது, இந்த முறை அவர்கள் செய்தது சரி.

இரண்டாவது பத்திரத்தை நானே டைப் செய்து பென் டிரைவில் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஆவணமாக வரிசையாக, அதன் எண்ணோடு, அதில் அச்சாகியிருக்கிற அதே வடிவில்: மார்க் ஷீட்டில் KAVITHA S, ரிலீவிங் லெட்டரில் S. Kavitha, பழைய பானில் KAVITHA SUNDARAM, ஆதாரில் Kavitha Murali. கடைசியில் இவை அனைத்தும் நானே, திருமணத்தால் மாறியது, பதிவுச் சான்றிதழ் எண் இது என்று ஒரு வாக்கியம். அதோடு எம்ப்ளாயி நம்பரைக் குறிப்பிட்டு முதல் கம்பெனி ஹெச்ஆருக்கு நானே மெயில் போட்டு, ஏஜென்சியையும் அதில் சேர்த்தேன். மறுநாள் பச்சை விழுந்தது. அன்று மதியம் பிரியாணி.

பானில் பெயர் மாற்றம் ஆன்லைனில் அலுங்காமல் முடிந்தது. Last name கட்டம் கட்டாயம், அங்கே ஒற்றை எழுத்து எடுக்காது, அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. பேங்கில் ஒரு படிவம். பிஎஃப்பில் பயந்துகொண்டே போனேன், பழைய கம்பெனியின் ஒப்புதல் கேட்பார்கள் என்று. ஆனால் 2017 அக்டோபர் 1க்குப் பிறகு யுஏஎன் வாங்கி, ஆதாரோடு சரிபார்த்தும் இருந்தால், 2025 ஜனவரியிலிருந்து பெயரை நாமே ஆன்லைனில் திருத்தலாம். என்னுடையது அந்தக் கணக்கில் வந்தது, தப்பித்தேன். பிஎஃப் ஆதாரைத்தான் பார்க்கும், எனவே ஆதார் முதலில். அங்கே பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். கல்யாணமான வாரத்திலேயே ஆசைக்கு ஒரு முறை, எழுத்துப் பிழைக்கு ஒரு முறை என்று தீர்த்துவிடாதீர்கள். ஆபரேட்டர் திரையில் காட்டுவதையும், கையில் தரும் சீட்டையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு எழுந்திருங்கள்.

இனி ரெஸ்யூமே. பெயர் வரியில் புதுப் பெயர் மட்டும். ‘Kavitha Murali (formerly Kavitha S)’ என்று ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன். ஒரு கம்பெனியின் விண்ணப்பத் தளத்தில் ஏற்றியதும் கட்டங்களைத் தானாக நிரப்பும்போது Last name இடத்தில் ‘S)’ என்று அடைப்புக்குறியோடு வந்து நின்றது. இப்போது பழைய பெயரைக் கீழே, தேவைப்படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். படிப்புப் பகுதியின் கடைசியில் இப்படி:

```
Certificates and employment records up to 2021
are in the name KAVITHA S (name before marriage).
```

முதல் கம்பெனியின் பெயருக்குக் கீழேயும் ‘as Kavitha S’ என்று சின்னதாக. ஃபைலின் பெயரும் Kavitha_Murali_Resume.pdf தான். பழைய ஃபைலைத் தேடிப்பிடித்து வேலைவாய்ப்புத் தளங்களிலிருந்து நீக்குங்கள். ப்ரொஃபைலில் ஒரு பெயரும் உள்ளே ஏற்றிய ஃபைலில் வேறு பெயருமாக இருந்தால் போன் செய்கிற ரெக்ரூட்டர் “மேடம், இது உங்க ரெஸ்யூமேதானா?” என்று ஆரம்பிப்பார். எனக்கு ஆரம்பித்தார்கள்.

லிங்க்டுஇன்னில் First name, Last name மாற்றுவது எளிது. அங்கே Additional name என்று ஒரு கட்டம் இருக்கிறது, பழைய பெயருக்கானது. அதை யார் பார்க்கலாம் என்றும் தேர்ந்தெடுக்கலாம். பழைய டீம் ஆட்கள் என்னைக் கவிதா எஸ் என்றே தேடுவார்கள், நான் எல்லாருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறேன். விவாகரத்து, குடும்பப் பிரச்சினை என்று பழைய பெயரைச் சொல்ல விரும்பாதவர்கள் அந்தக் கட்டத்தைத் தொட வேண்டாம், ரெஸ்யூமேயிலும் அந்த வரி வேண்டாம். வெரிஃபிகேஷன் படிவத்தில் மட்டும் சொன்னால் போதும். ப்ரொஃபைல் முகவரியில், linkedin.com/in/ என்பதற்குப் பின்னால், பழைய பெயர் அப்படியே இருக்கும், அதைத் தனியாக மாற்ற வேண்டும். மாற்றிய கையோடு ரெஸ்யூமேயில் உள்ள லிங்கையும் மாற்றி, ஒரு முறை கிளிக் செய்து பாருங்கள்.

பாஸ்போர்ட்டை நான் இன்னும் தொடவில்லை. அதில் இன்னும் Sundaram தான். வெளிநாட்டு வேலைப் பேச்சு வந்தால் ரீ-இஷ்யூவுக்குப் போட வேண்டும். அதுவரை விசா படிவமோ டிக்கெட்டோ எதுவாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்று டிராவல் டெஸ்க்கிடம் எழுத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.